மைத்துனர் கேட்கும் 15 லட்சமும் 1.33 என்ற எண்ணும்

வாசகர் கடிதம்

"நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். என் மனைவியின் அண்ணன் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறார், பிரைவேட் லிமிடெட் கம்பெனி. சிசி எனும் கேஷ் கிரெடிட் கடன் வரம்பை 110 லட்சத்திலிருந்து 150 லட்சமாக உயர்த்த வங்கியில் கேட்டிருக்கிறார். அதற்காக நான் கம்பெனிக்கு 15 லட்சம் கடன் கொடுத்து, வங்கியில் ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டுமாம். ஒரே வருஷத்தில் 12 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். பேலன்ஸ் ஷீட்டும் லாப நட்டக் கணக்கும் அனுப்பியிருக்கிறார். நானும் பி.காம் படிக்கும் மகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கரன்ட் ரேஷியோ 1.35 வருகிறது. பாடப்புத்தகத்தில் 2 இருக்க வேண்டும் என்கிறார்கள், மைத்துனரோ வங்கிக்கு 1.33 போதும் என்கிறார். கடன்–மூலதன விகிதம் எனக்கு 0.75, மகளுக்கு 1.82. லாபம் 6 லட்சம் இருக்கிறது. நாங்கள் சரியாகப் படித்திருக்கிறோமா? கையெழுத்துப் போடலாமா?"

பதில்

நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கைகளிலிருந்தும் தேவையான வரிகளை மட்டும் கீழே எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாத் தொகையும் லட்சத்தில்.

| பேலன்ஸ் ஷீட் | 31-3-2025 | 31-3-2024 |
|---|---|---|
| பங்கு மூலதனம் | 40 | 40 |
| காப்பு நிதியும் சேர்ந்த லாபமும் | 80 | 74 |
| டேர்ம் லோன் (ஓராண்டுக்குப் பிந்தைய பகுதி) | 60 | 78 |
| இயக்குநர்கள் கொடுத்த கடன் | 30 | 30 |
| சிசி கடன் | 110 | 80 |
| டேர்ம் லோனில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது | 18 | 18 |
| சரக்குக் கடன்காரர்களுக்குத் தர வேண்டியது | 92 | 60 |
| மற்ற நடப்புப் பொறுப்புகள் | 20 | 18 |
| மொத்தம் | 450 | 398 |
| நிலையான சொத்துகள் | 150 | 170 |
| சரக்கு இருப்பு | 140 | 95 |
| வரவேண்டிய பாக்கி | 130 | 110 |
| கையிருப்பும் வங்கி இருப்பும் | 5 | 8 |
| முன்பணம், ஜிஎஸ்டி வரவு முதலியன | 25 | 15 |
| மொத்தம் | 450 | 398 |

| லாப நட்டக் கணக்கு | 2024–25 | 2023–24 |
|---|---|---|
| விற்பனை | 620 | 580 |
| இதர வருமானம் | 14 | 2 |
| மூலப்பொருள், ஜாப் ஒர்க், கூலி (இருப்பு மாற்றம் உட்பட) | 518 | 472 |
| மற்ற செலவுகள் | 70 | 64 |
| தேய்மானம் | 16 | 17 |
| வட்டி | 22 | 17 |
| வரிக்கு முந்தைய லாபம் | 8 | 12 |
| வரி | 2 | 3 |
| நிகர லாபம் | 6 | 9 |

விடுபட்ட 18 லட்சம்

உங்கள் 1.35 எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுப்பதுதான் கரன்ட் ரேஷியோ. சரக்கு, பாக்கி, கையிருப்பு, முன்பணம் எல்லாம் சேர்ந்த நடப்புச் சொத்து 300 லட்சம் சரி. நடப்புப் பொறுப்பாக சிசி 110, சரக்குக் கடன் 92, மற்றவை 20 என்று 222 எடுத்திருக்கிறீர்கள். டேர்ம் லோன் நீண்ட காலக் கடன்தானே என்று அந்த 18 லட்சத்தை விட்டுவிட்டீர்கள். கடன் ஐந்தாறு வருடத்துக்கானதாக இருந்தாலும், அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டிய தவணை நடப்புப் பொறுப்புதான். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, இந்தத் தொகையைக் குறுகிய காலக் கடன் தலைப்பின் கீழ்த் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. பேலன்ஸ் ஷீட்டின் முகப்பில் 128 என்று ஒரே எண்ணாக இருக்கும். உள்ளே குறிப்புகளில்தான் 110, 18 என்று பிரியும். நீங்கள் குறிப்பிலிருந்து முதல் வரியை மட்டும் எடுத்ததால் வந்த வினை இது.

இப்படி ஒன்று விடுபட்டதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காப்பு நிதியும் சேர்ந்த மூலதனம் 120, இயக்குநர் கடனும் சேர்ந்த நீண்ட காலக் கடன் 90, நீங்கள் எடுத்த நடப்புப் பொறுப்பு 222. கூட்டினால் 432. பேலன்ஸ் ஷீட் மொத்தமோ 450. எந்த விகிதத்தைப் போடுவதற்கு முன்பும், நீங்கள் பிரித்த கட்டுகள் மொத்தத்தோடு சேருகின்றனவா என்று பார்த்துவிட்டால் இந்தப் பிழை வராது.

சரியான கரன்ட் ரேஷியோ 300 ÷ 240 = 1.25. சென்ற ஆண்டு 228 ÷ 176, அதாவது 1.30. ஏற்கெனவே 1.33-க்குக் கீழே இருந்தது இன்னும் இறங்கியிருக்கிறது.

பாடப்புத்தகத்தின் 2, வங்கியின் 1.33 இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். 2 என்பது பழைய கட்டைவிரல் கணக்கு. இந்திய வங்கிகளில் 1.33 வந்ததற்குக் காரணம் ரிசர்வ் வங்கி அமைத்து 1975-இல் அறிக்கை தந்த டாண்டன் குழு. நடப்புச் சொத்தில் கால் பங்கையாவது கடன் வாங்குபவர் நீண்ட காலப் பணத்தில் கொண்டுவர வேண்டும், மீதி முக்கால் பங்கு மட்டுமே நடப்புப் பொறுப்பாக இருக்கலாம் என்பது அதன் இரண்டாவது முறை. 100 ÷ 75 = 1.33. ஆக, 1.33 என்பது வங்கி கடன் கொடுக்க ஒப்புக்கொள்ளும் விளிம்பு. அதைத் தொட்டதால் கம்பெனி ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருளாகாது.

ஏன் சரியாக 15 லட்சம்?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்தத் தொகைதான். வங்கி முறைப்படி கணக்கிடுங்கள். நடப்புச் சொத்து 300 லட்சத்தில் கால் பங்கு 75 லட்சம். கம்பெனியின் நீண்ட காலப் பணம் 120 + 90 = 210. அதில் 150 நிலையான சொத்துக்குப் போய்விட்டது. நடப்புச் சொத்துக்கு மிஞ்சுவது 60. குறைவு 15 லட்சம்.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். நீங்கள் தரும் 15 லட்சத்தைக் கொண்டு நூல் வியாபாரிகளின் பாக்கியைக் கட்டினால் நடப்புப் பொறுப்பு 225 ஆகும். 300 ÷ 225 = 1.33. தசமம் பிசகாமல் வந்து நிற்கிறது. உங்கள் பணம் எதற்கு என்பது இதிலிருந்தே தெரிகிறது: வங்கி போட்ட கோட்டைத் தொடுவதற்கு.

இதில் தவறு ஒன்றும் இல்லை, தொழில் நடத்துபவர்கள் செய்வதுதான். ஆனால் இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் உங்கள் 15 லட்சம் நீண்ட காலக் கடனாக இருந்தாக வேண்டும். ஒரு வருடத்தில் திருப்பித் தர வேண்டிய கடன் என்றால் அதுவும் நடப்புப் பொறுப்பு. வியாபாரிகளுக்கான பாக்கி 15 குறையும், உங்களுக்கான பாக்கி 15 கூடும், விகிதம் 1.25-லேயே நிற்கும். வங்கி அதை ஏற்காது. சிசி வரம்பு நடப்பில் இருக்கும்வரை இந்தப் பணத்தை எடுக்க மாட்டோம் என்று உங்களிடமும் கம்பெனியிடமும் எழுதி வாங்கும். இயக்குநர்களின் 30 லட்சத்துக்கும் அப்படி ஒரு கடிதம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

எனவே "ஒரே வருஷத்தில் திருப்பித் தருகிறேன்" என்ற சொல்லும், "வங்கி வரம்பை உயர்த்தும்" என்ற திட்டமும் ஒன்றாக நிற்க முடியாது. மைத்துனர் மனதறிந்து பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. இதை அவருக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் சிசி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் இதே 1.33 கேள்வி வரும். உங்கள் பணம் வெளியே வர, கம்பெனி அந்த இடத்தை லாபத்தால் நிரப்ப வேண்டும். ஆண்டுக்கு 6 லட்சம் என்ற வேகத்திலேயே அதற்கு இரண்டரை ஆண்டாகும். அந்த 6 லட்சம் எப்படிப்பட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

இருக்கிற நடப்புச் சொத்தில் எது பணமாகும்?

கரன்ட் ரேஷியோ சரக்கையும் ரொக்கத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது. கம்பெனிக்கு வரும் வாரம் கூலி கொடுக்க முடியுமா என்ற கேள்விக்குச் சரக்கை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் குவிக் ரேஷியோ: 160 ÷ 240 = 0.67. முன்பணத்தையும் ஜிஎஸ்டி வரவையும் வைத்துக் கூலி கொடுக்க முடியாது என்பதால் அந்த 25 லட்சத்தையும் எடுத்துவிட்டால் 135 ÷ 240, அதாவது 0.56.

வரவேண்டிய பாக்கிக்கான குறிப்பைப் புரட்டுங்கள். மூன்றாம் அட்டவணையின் திருத்தத்துக்குப் பிறகு, பாக்கி எவ்வளவு காலமாக நிற்கிறது என்ற வயதுப் பட்டியல் கட்டாயம். நீங்கள் அனுப்பிய நகலில் 130-இல் 102 லட்சம் ஆறு மாதத்துக்கு உட்பட்டது. 6 லட்சம் ஆறு மாதத்தைத் தாண்டியது. 22 லட்சம் ஒரு வருடத்தைத் தாண்டியது. பின்னலாடையில் ஒரு வருடம் தாண்டிய பாக்கி என்றால் பெரும்பாலும் தரத் தகராறு, அல்லது வாங்கியவர் கடையை மூடியிருப்பார். அந்த 22 லட்சத்துக்குக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கீடு செய்யவில்லை. அது வராக்கடன் என்று எழுதப்பட்டால் இரண்டு ஆண்டு லாபத்துக்கும் மேல் ஒரே நாளில் போய்விடும்.

சரக்கு இருப்பு இன்னும் கவலை தருகிறது. இருப்பு நாள் என்பது இருப்பைச் சரக்கின் அடக்கவிலையால் வகுத்து 365-ஆல் பெருக்குவது. விற்பனையால் வகுத்தால் நாள் குறைந்து தெரியும், பலரும் செய்யும் தவறு அது. சென்ற ஆண்டு 95 ÷ 472 × 365, அதாவது 73 நாள். இந்த ஆண்டு 140 ÷ 518 × 365, 99 நாள். விற்பனை 7 சதவீதமே ஏறியிருக்கும்போது இருப்பு 47 சதவீதம் ஏறியிருக்கிறது. பெரிய ஆர்டருக்காக மார்ச் மாதம் நூல் வாங்கி வைத்ததாகவும் இருக்கலாம், நிராகரிக்கப்பட்டு கோடவுனில் கிடக்கும் பழைய சீசன் சரக்காகவும் இருக்கலாம். இருப்புக் குறிப்பில் நூல், துணி, தைத்த ஆடை என்று பிரித்திருக்கும். ஏறியது நூலா ஆடையா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இறுதி இருப்பின் மதிப்பு லாபத்தையும் நேரடியாகத் தொடும். இருப்பைக் கூட்டிக் காட்டினால் செலவு குறையும், லாபம் அதே அளவு கூடும். 140 லட்ச இருப்பில் பத்தில் ஒரு பங்கு மிகை மதிப்பு என்று வையுங்கள். 14 லட்சம் கழியும், வரிக்கு முந்தைய லாபம் 8 லட்சம் 6 லட்ச நட்டமாகும், கரன்ட் ரேஷியோ 286 ÷ 240 = 1.19 ஆகும். ஒரே எண் ஆட்டம் கண்டால் லாபம், கரன்ட் ரேஷியோ, கடன்–மூலதன விகிதம் மூன்றும் சேர்ந்து ஆடும். அதனால் மார்ச் மாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் எவ்வளவு காட்டினார்கள் என்று கேளுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால், இரண்டில் ஒன்று உண்மையில்லை.

0.75-ஆ, 1.82-ஆ?

நீங்கள் போட்டதும் தவறில்லை, மகள் போட்டதும் தவறில்லை. நீண்ட காலக் கடனை மட்டும் எடுத்தால் 90 ÷ 120 = 0.75. வட்டி கட்டும் எல்லாக் கடனையும் எடுத்தால் 60 + 30 + 110 + 18 = 218. அதை 120-ஆல் வகுத்தால் 1.82. தேர்வில் கேள்வி எந்த வரையறையைச் சொல்கிறதோ அதையே பின்பற்ற வேண்டும், சொல்லவில்லை என்றால் விடையில் வரையறையை ஒரு வரி எழுதிவிட்டுப் போட வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது மகளின் எண். சிசி சட்டப்படி ஓராண்டுக் கடன் என்றாலும் நடைமுறையில் அது நிரந்தரமாக நிற்கும் கடன். அதை விட்டுவிட்டுக் கடன் சுமையை அளக்க முடியாது.

வங்கி இதையும் தாண்டி, சரக்குக் கடன் உட்பட வெளியாருக்குத் தர வேண்டிய எல்லாவற்றையும் சொந்த மூலதனத்தோடு ஒப்பிடும். 330 ÷ 120 = 2.75. இயக்குநர் கடன் 30 லட்சத்தை எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதை மூலதனம்போல் பாவித்து 300 ÷ 150 = 2 என்று எடுக்கும். உங்கள் 15 லட்சத்தையும் வங்கி இந்தக் கணக்கில்தான் சேர்க்கப் பார்க்கிறது. அதாவது, கம்பெனி நொடித்தால் வங்கிக்குப் பின்னால் நிற்கும் பணமாக.

கடன் எவ்வளவு என்பதைவிட, அதைச் சுமக்கத் தெம்பு இருக்கிறதா என்பதே முக்கியம். இங்கே லாப நட்டக் கணக்குக்கு வர வேண்டும்.

6 லட்சம் லாபம் எங்கிருந்து வந்தது?

இதர வருமானம் 2 லட்சத்திலிருந்து 14 லட்சமாகியிருப்பதைப் பாருங்கள். குறிப்பில் அதில் 11 லட்சம் காலிமனை விற்ற லாபம் என்று இருக்கிறது. மனை ஒரு தடவைதான் விற்கும். அதைக் கழித்தால் வரிக்கு முந்தைய 8 லட்சம் லாபம், 3 லட்ச நட்டம். தொழில் இந்த ஆண்டு நட்டத்தில் ஓடியிருக்கிறது. நிகர லாபம் என்ற கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

வட்டி, தேய்மானத்துக்கு முன் தொழில் சம்பாதித்தது 620 − 588 = 32 லட்சம், விற்பனையில் 5.2 சதவீதம். சென்ற ஆண்டு 580 − 536 = 44 லட்சம், 7.6 சதவீதம். விற்பனை 40 லட்சம் கூடியும் சம்பாத்தியம் 12 லட்சம் குறைந்திருக்கிறது. ஆர்டரைப் பிடிக்க விலையைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது நூல் விலையும் கூலியும் ஏறியதை வாங்குபவரிடம் கேட்டுப் பெற முடியவில்லை.

32 லட்சத்தில் தேய்மானம் 16 கழித்து, மனை தவிர்த்த இதர வருமானம் 3 சேர்த்தால் 19 லட்சம். வட்டி 22 லட்சம். 19 ÷ 22 = 0.86. வட்டிக்கே தொழிலின் சம்பாத்தியம் போதவில்லை. சென்ற ஆண்டு இது 29 ÷ 17, அதாவது 1.7.

இதே 19 லட்சத்தை மூலதனமும் கடனும் சேர்ந்த 338 லட்சத்தால் வகுத்தால் 5.6 சதவீதம். வட்டி 22 லட்சத்தை 218 லட்சக் கடனால் வகுத்தால் ஏறக்குறைய 10 சதவீதம். பத்து சதவீதத்துக்கு வாங்கிய பணம் ஐந்தரை சதவீதம்தான் ஈட்டுகிறது. இந்த நிலையில் கடனைக் கூட்டினால் நட்டம்தான் கூடும். உங்கள் 15 லட்சத்துக்கு 12 சதவீதம் தருகிறேன் என்கிறார். ஆண்டுக்கு 1.8 லட்சம். அந்த வட்டி தொழிலின் சம்பாத்தியத்திலிருந்து வராது, உயர்த்தப்பட்ட சிசியிலிருந்துதான் வரும். ஜாமீன் போட்டவர் நீங்கள் என்றால், உங்கள் பொறுப்பில் வாங்கிய கடனிலிருந்து உங்களுக்கே வட்டி.

பணம் எங்கே போனது என்பதை இரண்டு பேலன்ஸ் ஷீட்டையும் ஒப்பிட்டாலே கண்டுபிடிக்கலாம். சிசி 30 லட்சம் கூடியிருக்கிறது, மனை விற்று 15 லட்சம் வந்திருக்கிறது. மொத்தம் 45 லட்சம். டேர்ம் லோன் தவணைக்கு 18 போயிற்று. மீதியோடு கையிருப்பிலிருந்து 3 லட்சமும் சேர்ந்து 30 லட்சத்தைச் சரக்கும் பாக்கியும் விழுங்கிவிட்டன. சரக்குக் கடன்காரர்கள் 32 லட்சம் கூடுதலாகக் காத்திருந்தும்கூட இந்த நிலை. அவர்களில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்கள் இருந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சட்டப்படி சேரும். அந்த வட்டி கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வரம்பு உயர்ந்தாலும் பணம் எடுக்க முடியுமா?

சிசியில் வரம்பு வேறு, எடுக்கும் தகுதி வேறு. பெரும்பாலான வங்கிகள் சரக்கிலிருந்து கடனுக்கு வாங்கிய பகுதியைக் கழித்து, பாக்கியில் 90 நாள் தாண்டியதை விலக்கி, மீதியில் ஒரு பங்கை மார்ஜினாகப் பிடித்துக்கொண்டு தரும். மார்ஜின் 25 சதவீதம் என்று வைத்து, தாராளமாக 102 லட்சப் பாக்கியையும் ஏற்றுக்கொண்டால், (140 − 92 + 102) × 75% = 112.5 லட்சம். உங்கள் 15 லட்சத்தால் வியாபாரிகளின் பாக்கி குறைந்தாலும் 124 லட்சத்தைத் தாண்டாது. வரம்பு 150 என்று அனுமதிக் கடிதம் வரலாம், எடுக்க முடிவது 124 வரைதான். அதற்கு மேல் எடுத்திருந்தால் ஸ்டாக் ஸ்டேட்மென்டை ஊதிக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த நிலையில் ஜாமீன்தாரராக இருப்பது ஆபத்து.

கையெழுத்தும் சட்டமும்

ஜாமீன் என்பது உங்கள் 15 லட்சத்தோடு முடிகிற விஷயம் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். 150 லட்சமும் அதன் வட்டியும் உங்கள் தலையில். கம்பெனியின் சொத்தை முதலில் விற்றுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று வங்கியைக் கேட்க முடியாது. தட்டிக்கழிக்க முடியாத நிலை என்றால், பொறுப்பை ஒரு தொகைக்குள் அடக்கும் வாசகத்தைக் கேட்கலாம். வங்கி ஒப்புவது அபூர்வம். இவ்வளவு நேரம் பார்த்த எண்களை வைத்துச் சொல்வதானால், இந்தக் கையெழுத்தைப் போட வேண்டாம்.

15 லட்சக் கடனிலும் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி இயக்குநரிடமிருந்தும் அவருடைய உறவினரிடமிருந்தும் கடன் வாங்கலாம். ஆனால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டமும் அதன் விதிகளும் தரும் உறவினர் பட்டியலில் சகோதரி உண்டு, சகோதரியின் கணவர் இல்லை. பங்குதாரராகவும் இல்லாத நீங்கள் நேரடியாகக் கொடுத்தால் அது சட்டவிரோத டெபாசிட் ஆகிவிடும். உங்கள் மனைவி கொடுக்கலாம். அந்தப் பணம் பிறரிடம் கடன் வாங்கியதல்ல என்று எழுதித் தர வேண்டும். பணத்தை நீங்கள் மனைவிக்குக் கொடுத்து அவர் கம்பெனிக்குக் கொடுத்தால், வட்டி வருமானம் வருமான வரிக்கு உங்கள் கணக்கில்தான் சேரும்.

உதவியே செய்யாமல் இருக்க முடியாது என்று குடும்பத்தில் முடிவானால், திரும்ப வராவிட்டாலும் ஓய்வுக் காலம் ஆட்டம் காணாத ஒரு தொகையை மட்டும் மனைவி பெயரில், எழுத்து மூலம், வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். ஒரு வருடத்தில் வரும் என்ற கணக்கில் வேறு எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள்.

அதற்கும் முன்னால், கையில் இருக்கும் நகலை மட்டும் நம்பாமல் மூன்று சோதனை செய்யுங்கள். ஆடிட்டர் கையெழுத்தின் கீழ் இருக்கும் 18 இலக்க யுடிஐஎன் எண்ணை udin.icai.org தளத்தில் போட்டால், அந்த அறிக்கையில் அவர் உண்மையிலேயே கையெழுத்திட்டாரா என்று தெரியும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தித் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டை எடுத்து, உங்கள் நகலோடு வரி வரியாக ஒப்பிடலாம். அதே தளத்தில் கம்பெனியின் சொத்துகள் எந்தெந்த வங்கிக்கு அடமானம் என்ற பட்டியலும் கிடைக்கும். மைத்துனர் சொல்லாத ஒரு பெயர் அதில் இருந்தால், அந்தக் கடன் மேலே போட்ட 218 லட்சத்தில் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.